பத்து வயதினருக்கு ஒளிச்சேர்க்கை: சமையலறை உவமையைப் பிழையின்றிக் கையாளும் வழி

இலை ஒரு சமையலறை, சூரியன் அதன் அடுப்பு என்று சொல்லித்தான் பெரும்பாலோர் ஒளிச்சேர்க்கையைத் தொடங்குகிறார்கள். குழந்தைகள் உடனே தலையசைப்பார்கள். மறுநாள் அதே குழந்தைகளிடம், இருட்டான ஆனால் நன்கு சூடான அறையில் செடி உணவு தயாரிக்குமா என்று கேட்டால், பாதிப் பேராவது தயாரிக்கும் என்பார்கள். அடுப்பு என்ற ஒரு சொல், ஒளி இருக்க வேண்டிய இடத்தில் வெப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

ஆகவே நான் சமையலறையை வைத்துக்கொண்டு அடுப்பை மட்டும் நீக்கிவிட்டேன். அதன் இடத்தில், கூரைமேல் பதித்த சூரிய மின்தகட்டை, அதாவது சோலார் பேனலை, வைத்தேன். கீழே உள்ள வரிசை அந்த மாற்றத்தைச் சுற்றி அமைந்தது. பாடத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும், மறுநாள் வினாக்களுக்குப் பதினைந்து நிமிடமும் தேவைப்படும்.

## 1. முன்னதாகத் திரட்ட வேண்டியவை

மூன்று நிறங்களில் மணிகள் அல்லது பொத்தான்கள் வேண்டும்: கறுப்பு 6, வெள்ளை 12, சிவப்பு 18, மொத்தம் 36. இந்த எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஐந்தாம் படியில் கணக்கு உதைக்கும், குழந்தைகளின் கவனமும் அங்கேயே சிதறிவிடும். மணிகளைப் போட இரண்டு தட்டுகளும் ஒரு கிண்ணமும், கையில் பிடிக்க ஒரு டார்ச் விளக்கும் எடுத்து வையுங்கள்.

சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குவளை, எல்.இ.டி. மேசை விளக்கு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, விரல் நீளமுள்ள வேலம்பாசித் துண்டு ஆகியவை தேவை. மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஹைட்ரில்லாவுக்குத்தான் வேலம்பாசி என்று பெயர். பாடம் நடக்கும் நாளிலேயே அதை ஒருமுறை தனியாகச் சோதித்துப் பாருங்கள். வாடிய துண்டு குமிழி விடாது, குழந்தைகள் முன்னால் அது தெரியவந்தால் சமாளிப்பது கடினம்.

கொதிக்க வைத்து ஆறிய நீரைப் பயன்படுத்தாதீர்கள். கொதிக்கும்போது நீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுவதால், பாசிக்கு மூலப்பொருள் போதாமல் போகும்.

## 2. பெயருக்கு முன் புதிர்

ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை இப்போது சொல்லாதீர்கள். சொன்னவுடன், அதைக் கேள்விப்பட்ட ஓரிருவர் மனப்பாட வரையறையை ஒப்பிப்பார்கள். மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். முதலில் ஒரு புதிரைப் போடுங்கள்.

இந்தப் புதிர் உண்மையில் செய்து பார்க்கப்பட்ட ஒன்று. வான் ஹெல்மாண்ட் என்பவர் ஏறத்தாழ 90 கிலோ உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, இரண்டு கிலோவுக்குச் சற்று அதிக எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி வந்தார். 5 ஆண்டுகள் கழித்து மரம் ஏறத்தாழ 77 கிலோ இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது அதில் குறைந்திருந்தது 60 கிராமுக்கும் குறைவு. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த எடை எங்கிருந்து வந்தது?

குழந்தைகள் மண் என்பார்கள், எண்களைப் பார்த்துத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். அடுத்து நீர் என்பார்கள். ஹெல்மாண்டும் அப்படித்தான் முடிவு செய்தார் என்பதால் அந்தப் பதிலைக் கேலிக்கு இடமாக்காதீர்கள். மரத்தின் எடையில் நீருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் மரத்தை முழுவதும் உலர்த்திய பிறகும் கனமான கட்டை மிஞ்சுகிறது, அதன் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன் என்னும் பொருள், அந்தக் கார்பன் நீரில் கிடையாது என்று சொல்லி அடுத்த அடியை எடுத்து வையுங்கள்.

விடை காற்று. இதைச் சொன்னதும் குழந்தைகள் நம்ப மறுப்பார்கள், ஏனெனில் அவர்களுக்குக் காற்று என்பது ஒன்றுமில்லாத இடம். ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட பெட்டியில் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ என்று இந்த இடத்தில் சொல்லுங்கள். காற்றுக்கு எடை உண்டு என்பது மனத்தில் பதியாத குழந்தைக்கு இதன்பின் சொல்லும் எதுவும் பொருள்படாது. இங்கே பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை.

## 3. சமையலறையைக் கட்டும் வரிசை

இப்போது ஒரு பெரிய இலையைத் தாளில் வரைந்து, அதைச் சமையலறையாக மாற்றுங்கள். எந்தப் பகுதியை முதலில் சேர்க்கிறீர்கள் என்பது முக்கியம். மூலப்பொருள்கள் முதலில் வர வேண்டும், மின்தகடு அதன்பின், உணவு கடைசியில். சூரியனிலிருந்து தொடங்கினால் குழந்தைகள் ஒளியையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு, செடி வெயிலைத் தின்று வளர்கிறது என்று எழுதுவார்கள்.

முதல் மூலப்பொருள் நீர். அது வேரிலிருந்து தண்டு வழியாகக் குழாயில் வருவதுபோல் ஏறி இலையை அடைகிறது. இலைக் காம்பிலும் நரம்புகளிலும் அந்தக் குழாயைக் குழந்தைகளையே வரையச் சொல்லுங்கள்.

இரண்டாவது மூலப்பொருள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. இது சன்னல் வழியாக நுழைகிறது. அந்தச் சன்னல்களின் பெயர் இலைத்துளைகள். பல நிலத்தாவரங்களில் அவை இலையின் அடிப்பக்கத்திலேயே அதிகம் என்பதால் படத்தில் கீழ்ப்புறமாக வரைவது நல்லது. காற்றைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் கார்பன் டை ஆக்சைடு நான்கு பங்கு அளவுக்கே இருக்கிறது. இவ்வளவு குறைவானது எப்படிப் போதும் என்று யாராவது கேட்டால், இலைகள் எண்ணிக்கையில் ஏராளம், ஒவ்வொன்றிலும் சன்னல்கள் எண்ண முடியாத அளவு, காற்றும் ஓயாமல் நகர்கிறது என்பதே போதுமான விடை.

மூன்றாவதாக, கூரையில் சூரிய மின்தகடு. இலைக்குள் இருக்கும் பச்சையம் என்னும் பச்சை நிறப்பொருள்தான் அந்தத் தகடு. அது ஒளியைப் பிடிக்கிறது. பிடித்த ஆற்றலால் சமையலறைக் கருவிகள் ஓடுகின்றன. தகடு தானே சமைப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பல விளக்கங்களில் பச்சையத்தைச் சமையற்காரர் ஆக்கிவிடுகிறார்கள், அது தவறு. அப்படியானால் சமைப்பவர் யார் என்று நிச்சயம் ஒரு குழந்தை கேட்கும். ஆள் யாரும் இல்லை, இலையில் பசுங்கணிகம் என்ற மிகச் சிறிய பச்சை மணிகள் இருக்கின்றன, மின்தகடும் கருவிகளும் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன என்று சொல்லுங்கள். அவற்றை ஆளில்லாத தானியங்கிச் சமையலறைகள் என்றால் இந்த வயதினர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இலை ஏன் பச்சை என்ற கேள்வியும் இங்கேதான் எழும். இந்தத் தகடு சிவப்பு, நீல ஒளியை அதிகம் பிடித்துக்கொள்கிறது, பச்சை ஒளியைக் குறைவாகவே பிடிக்கிறது, பிடிக்காமல் விட்டதுதான் நம் கண்ணுக்கு வருகிறது என்று சுருக்கமாக முடித்துவிட்டு நகருங்கள்.

கடைசியில் சமைத்த உணவாகிய சர்க்கரையும், மீந்து சன்னல் வழியே வெளியேறும் ஆக்சிஜனும். அந்த ஆக்சிஜனை நமக்காகச் செடி தரும் பரிசு என்று சொல்லாதீர்கள். கேட்க இனிமையாக இருந்தாலும், செடிக்கு நோக்கம் இருப்பதாக ஒரு பொய்யை அது விதைக்கிறது. அது மிச்சம், அந்த மிச்சத்தை நாம் சுவாசிக்கிறோம், அவ்வளவுதான்.

முழுப்படமும் தாளில் வந்த பிறகு, இந்தச் சமையலுக்குப் பெயர் ஒளிச்சேர்க்கை என்று எழுதுங்கள். இப்போது சொல்லுக்கு முன்னே பொருள் நிற்கிறது.

## 4. வெப்பம் அல்ல, ஒளி என்று காட்டுதல்

குவளையில் சாதாரண வெப்பநிலையிலுள்ள நீரை நிரப்பிச் சமையல் சோடாவைக் கரையுங்கள். அது நீரில் பாசி பயன்படுத்தக்கூடிய கார்பனைக் கூட்டும். வேலம்பாசியின் தண்டைக் கூர்மையாகப் புதிதாக வெட்டி, வெட்டிய முனை மேலே இருக்குமாறு, நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டி நீரில் அமிழ்த்துங்கள். விளக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். வெட்டிய முனையிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்ததுபோல் மேலேறும்.

குழந்தைகள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதட்டும். பிறகு விளக்கை மூன்று நான்கு சாண் தள்ளி வைத்து, மீண்டும் ஐந்து நிமிடம் கழித்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறையும். விளக்கை அணைத்தால் மெல்ல நின்றுவிடும். எண்கள் துண்டுக்குத் துண்டு மாறும் என்பதால், ஒரே துண்டின் இரு நிலைகளை மட்டும் ஒப்பிட வேண்டும்.

இங்கே எல்.இ.டி. விளக்கை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பழைய குண்டு பல்பு நீரைச் சூடாக்கும். நீர் சூடானால் அதில் கரைந்திருந்த காற்றும் குமிழியாக வெளிவரும், எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஒருமுறை நான் வேலம்பாசி கிடைக்காததால் பறித்த இலை ஒன்றை நீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தேன். இலையின்மேல் குமிழிகள் பளபளவென்று ஒட்டின, எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு ஒரு சிறுவன், இலையே இல்லாத பக்கத்துக் குவளையின் சுவரிலும் குமிழிகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினான். அவன் சொன்னதே சரி. சுவரில் ஒட்டி நிற்கும் குமிழி எதையும் நிரூபிக்காது; வெட்டிய தண்டின் முனையிலிருந்து சீராக எழுந்து, ஒளி குறைந்தால் குறையும் குமிழியே சான்று.

வேலம்பாசி நீருக்குள் வாழ்வதால் அதற்குச் சன்னல் தேவையில்லை, நீரில் கரைந்திருப்பதை இலையின் மேற்பரப்பு வழியாகவே எடுத்துக்கொள்ளும் என்பதை, கேட்கும் குழந்தைக்கு மட்டும் சொன்னால் போதும்.

## 5. உவமை உடையும் இடத்தை நீங்களே உடைத்துக் காட்டுங்கள்

சமையலில் பொருள்களைக் கலக்கிறோம், வேக வைக்கிறோம். ஒளிச்சேர்க்கையில் பொருள்கள் பிரிந்து வேறு பொருளாகக் கோர்க்கப்படுகின்றன. இதைச் சொல்லாமல் விட்டால், நீரையும் காற்றையும் கலக்கினால் சர்க்கரை வரும் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். மணிகள் இதற்குத்தான்.

கறுப்பு கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன். முதல் தட்டில் ஒரு கறுப்பும் இரண்டு சிவப்பும் சேர்ந்த குழுக்கள் ஆறு வைக்கச் சொல்லுங்கள். அவை கார்பன் டை ஆக்சைடு. இரண்டாம் தட்டில் இரண்டு வெள்ளையும் ஒரு சிவப்பும் சேர்ந்த குழுக்கள் ஆறு. அவை நீர். இரண்டையும் சேர்த்தால் 36 மணிகளும் தீர்ந்திருக்கும்.

இனி ஒரு குழந்தை டார்ச் விளக்கை மேலே பிடிக்கட்டும். ஒளி படும் நேரத்தில் மட்டும் மற்றவர்கள் குழுக்களைப் பிரிக்கலாம். ஒளி விலகினால் கைகள் நிற்க வேண்டும். பிரித்தவற்றிலிருந்து 6 கறுப்பு, 12 வெள்ளை, 6 சிவப்பு ஆகிய 24 மணிகளைக் கிண்ணத்தில் இடுங்கள். கிண்ணத்தில் இருப்பது ஒரே ஒரு குளுக்கோஸ் துகள், அதாவது சர்க்கரை. வெளியே 12 சிவப்பு மிஞ்சும். அவற்றை இரண்டிரண்டாக இணைத்தால் ஆறு ஜோடி ஆக்சிஜன். அதைச் சன்னல் வழியாக அனுப்பிவிடுங்கள்.

விளையாட்டின் ஒரே விதி, மணி எதையும் புதிதாகச் சேர்க்கவோ எறியவோ கூடாது என்பது. ஒரு சிறுமி, ஒளிக்கும் ஒரு மஞ்சள் மணி வைக்கலாமே என்றாள். வேண்டாம் என்று உடனே மறுக்காமல், டார்ச் விளக்கின் ஒளியைக் கிண்ணத்தில் போட்டு மூடி வைக்க முடியுமா என்று கேட்டேன். ஒளி வேலையைச் செய்விக்கிறது, பொருளாகக் கிண்ணத்தில் சேர்வதில்லை என்று அவளே சொன்னாள். புதிரின் விடையும் அங்கேதான் இருந்தது: கிண்ணத்திலுள்ள ஆறு கறுப்பு மணிகளும் காற்றிலிருந்து வந்தவை.

பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மிஞ்சிய சிவப்பு மணிகள் எந்தத் தட்டிலிருந்து வந்தவை என்று இந்த விளையாட்டில் தடம் பிடிக்கச் செய்யாதீர்கள். உண்மையில் செடி வெளிவிடும் ஆக்சிஜன் முழுவதும் நீரிலிருந்து வருகிறது. ஆனால் ஆறு நீர்க் குழுக்களில் சிவப்பு ஆறுதான், வெளியேறுவதோ பன்னிரண்டு. முழுக் கணக்கில் பன்னிரண்டு நீர் உள்ளே சென்று ஆறு நீர் புதிதாக உருவாகிறது. நம் 36 மணிகள் வரவையும் மீதத்தையும் மட்டும் காட்டும் சுருக்கம். பத்து வயதில் அதற்கு மேல் வேண்டியதில்லை.

## 6. இரவு என்ன நடக்கிறது

இதைப் பாடத்தின் இறுதியில் சொல்லுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். செடி பகலில் கார்பன் டை ஆக்சைடையும் இரவில் ஆக்சிஜனையும் சுவாசிக்கிறது என்று குழந்தைகள் பரவலாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்புவதால் வருவது அது.

சமையலறை உவமை இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது. சமைப்பது பகலில் மட்டும். வீட்டிலுள்ளவர்களுக்குப் பசி எப்போதும் உண்டு. செடியின் வேரும் தண்டும் இலையும் பகலிலும் இரவிலும் இடைவிடாமல் ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சர்க்கரையிலிருந்து ஆற்றலை எடுக்கின்றன. அதற்குப் பெயர் சுவாசம். நல்ல ஒளியில் சமையல் சாப்பாட்டைவிட மிக அதிகம் என்பதால் மொத்தத்தில் ஆக்சிஜன் வெளியேறுகிறது. பகலில் சமைத்ததில் ஒரு பங்கை இலை மாவுச்சத்தாக அடுக்கி வைத்து இரவில் செலவழிக்கிறது.

## 7. மறுநாளுக்கான வினாக்கள்

அன்றே கேட்டால் நினைவில் நிற்கும் சொற்களையே திருப்பிச் சொல்வார்கள். ஓர் இரவு கழிந்த பிறகு கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே காரணம் எழுத ஒரு வரி விடுங்கள்.

வினா 1. தொட்டிச் செடி ஓர் ஆண்டில் நன்கு வளர்ந்தது. மண் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. செடியின் புதிய உடல் பெரும்பாலும் எவற்றால் ஆனது?
அ) மண் ஆ) சூரிய ஒளி இ) நீரும் கார்பன் டை ஆக்சைடும்

வினா 2. ஓர் அறை சூடாக இருக்கிறது, ஆனால் முழு இருட்டு. இன்னோர் அறை குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் நல்ல வெளிச்சம். எந்த அறையில் செடி உணவு தயாரிக்கும்?

வினா 3. நம் சமையலறையில் பச்சையம் எது?
அ) சமையற்காரர் ஆ) கூரையிலுள்ள மின்தகடு இ) மூலப்பொருள்

வினா 4. இலைத்துளைகள் அனைத்தையும் மெழுகு பூசி அடைத்துவிட்டோம். வேருக்கு நீர் கிடைக்கிறது, வெயிலும் அடிக்கிறது. எந்தப் பொருள் உள்ளே வராமல் சமையல் நிற்கும்?

வினா 5. நண்பகலில் செடி சுவாசிக்கிறதா?

வினா 6. உண்மையான சமையலறைக்கும் இலைக்கும் பொருந்தாத ஒன்றைச் சொல்லுங்கள்.

## 8. பதில்களைக் கொண்டு எங்கே திரும்புவது

சரியான விடைகள்: 1-இ, 2-வெளிச்சமான அறை, 3-ஆ, 4-கார்பன் டை ஆக்சைடு, 5-ஆம். மதிப்பெண்ணைவிடத் தவறான விடை எதைக் காட்டுகிறது என்பதே உங்களுக்கு உதவும்.

முதல் வினாவுக்கு மண் என்று எழுதியவருடன் இரண்டாம் படியின் எண்களை மீண்டும் பாருங்கள். சூரிய ஒளி என்று எழுதியவருக்கு மணி விளையாட்டை மட்டும் திரும்ப நடத்தினால் போதும். மண் சிறிதும் தேவையில்லையா என்று சிலர் எதிர்க்கேள்வி போடுவார்கள். மண்ணிலிருந்து சிறிதளவு தாதுப்பொருள்கள் செடிக்கு வேண்டும், ஹெல்மாண்டின் தொட்டியில் குறைந்த சில பத்துக் கிராம் அதைச் சார்ந்தது, ஆனால் உடலின் பெரும்பகுதி அதனால் ஆனதல்ல என்று சொல்லுங்கள்.

இரண்டாம் வினாவில் சூடான அறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு, நீங்கள் எங்கோ அடுப்பு என்ற சொல்லை வாய் தவறிச் சொல்லியிருக்கலாம். உறைய வைக்கும் குளிரில் கருவிகள் மந்தமாகும் என்பது உண்மை. குளிர்ச்சி என்ற சொல்லுக்கு மிதமான குளிர் என்று வாய்மொழியாக விளக்கிவிட்டுக் கேளுங்கள். விளக்கை அணைத்ததும் குமிழி நின்றதை நினைவூட்டினால் பெரும்பாலும் தாங்களே மாற்றிக்கொள்வார்கள்.

நான்காம் வினாவுக்கு ஆக்சிஜன் என்று எழுதியவர், சுவாசத்தையும் சமையலையும் கலக்கியிருக்கிறார். ஐந்தாம் வினாவுக்கும் அவர் இல்லை என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் ஆறாம் படியை மட்டும் தனியாக எடுங்கள். காரண வரியில் பகலில் சமையலும் சுவாசமும் இரண்டும் நடக்கின்றன என்ற பொருள் வந்திருந்தால், சொற்கள் எப்படி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆறாம் வினாவுக்கு ஒரே விடை கிடையாது. ஆள் இல்லை, தீ இல்லை, பொருள்கள் பிரிந்து கோர்க்கப்படுகின்றன, சமைத்ததைச் சமையலறையும் சேர்ந்தே சாப்பிடுகிறது என எது வந்தாலும் சரி. எனக்குக் கிடைத்தவற்றுள் ஒரு சிறுவன் எழுதியது இது: எங்கள் வீட்டில் சமைத்தால் சமையலறை பெரிதாவதில்லை, இலையில் சமைத்தால் மரமே பெரிதாகிறது.